இதயப் படம்: புத்தகத்தில் இருப்பதை அப்படியே வரைவதா, ஆறு வரியும் எளிய படமும் போதுமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் மாணவர்களை அதிகம் அலைக்கழிக்கும் படம் மனித இதயத்தின் உள்ளமைப்புதான். புத்தகத்தில் பார்த்தால் வண்ணம், நிழல், ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் குழாய்கள், பக்கத்துக்குப் பக்கம் பாகப் பெயர்கள் என்று மலைப்பாக இருக்கும். "சார், இதை அப்படியே வரையணுமா, இல்ல சிம்பிளா வரைஞ்சா மார்க் குறைச்சுடுவாங்களா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். "படம் வரையவே கால் மணி நேரம் போகுது, எழுத நேரம் இல்லைங்கறான்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சிக்கல்தான்.

பரீட்சைத் தாளில் இந்தப் படத்தைக் கையாள நான்கு வழிகள் உண்டு. புத்தகப் படத்தை அப்படியே நினைவில் வைத்து வரையலாம். கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைக்கலாம். அமைப்பைச் சில வரிகளில் எழுதி, அந்த வரிகளை வைத்தே ஓர் எளிய படம் வரையலாம். படமே இல்லாமல் எழுதி முடிக்கலாம். நான் பெரும்பாலும் மூன்றாவது வழியைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அது தோற்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் நேரம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. வினாத்தாள் படிக்கத் தரும் நேரம் போக எழுதுவதற்கு 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 4 மதிப்பெண் கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள்ளும் 7 மதிப்பெண் கேள்வியைப் பதினாறு, பதினேழு நிமிடத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் கொஞ்சம் நேரம் மிஞ்சும். அதை நம்பி இதயத்துக்கு நிழல் போட உட்காரக் கூடாது.

அடுத்தது கேள்வியின் வினைச்சொல். "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்பது ஒரு கேள்வி, "அமைப்பைப் படத்துடன் விவரி" என்பது இன்னொன்று, "இரத்தம் செல்லும் பாதையை எழுது" என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே பதிலைத் தூக்கிப் போடுவதில்தான் பலருக்கு மார்க் போகிறது.

மூன்றாவது, பாதியில் மறந்துபோனால் என்ன மிஞ்சும் என்பது. தேர்வு அறைப் பதற்றத்தில் ஒரு குழாய் எங்கிருந்து கிளம்புகிறது என்பது மறந்தால், மீதியை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடிகிறதா, அல்லது முழுப் படமும் அங்கேயே நின்றுவிடுகிறதா?

நான்காவதாக, தவறுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வரையும் ஒவ்வொரு கோடும் 'இது இங்கே இருக்கிறது' என்று நாம் அடித்துச் சொல்வதற்குச் சமம். கோடு கூடக் கூடத் தப்பும் கூடும்.

## வழி 1: புத்தகப் படத்தை அப்படியே வரைவது

கை வரும் மாணவருக்கு இது நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. படம் பார்வைக்கு நிறைவாக இருக்கும். திருத்துபவர் தன் மனதில் வைத்திருக்கும் படத்தோடு அது பொருந்திவிடுவதால் எதையும் தேட வேண்டியிருக்காது.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒன்று, இப்படி மனப்பாடம் செய்யும்போது வரிசை மனதில் நிற்பதில்லை, தோற்றம்தான் நிற்கிறது. மேலே வளைந்து போகும் பெரிய குழாய் நினைவிருக்கும். அது எந்த அறையிலிருந்து கிளம்புகிறது என்பது நினைவிருக்காது. பெருந்தமனி வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படுவது போன்ற படங்கள் இப்படித்தான் வருகின்றன. வெளிக்கோடு அழகாக, நிழல் அழகாக, அடிப்படை மட்டும் தவறாக இருக்கும்.

இன்னொன்று, வண்ணம். புத்தகத்தில் வலது பக்கம் நீலம், இடது பக்கம் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் எங்கே, மிகுந்த இரத்தம் எங்கே என்ற பாடத்தின் சாரத்தையே அந்த இரண்டு நிறங்கள்தாம் சொல்லிவிடுகின்றன. விடைத்தாளில் படத்துக்குப் பென்சில்தான். நிறம் போனதும் அந்தத் தகவலும் போய்விடுகிறது, மாணவர் அதைக் கவனிப்பதே இல்லை. நுரையீரல் தமனியும் பெருந்தமனியும் பென்சிலில் ஒரே மாதிரி இரண்டு குழாய்கள்தான். நிறம் சொன்னதை இனி எழுத்து சொல்ல வேண்டும். ஆனால் முழு நேரமும் படத்துக்கே போயிருப்பதால் எழுத்துக்கு நேரம் இருக்காது.

நேரத்தைச் சொல்லவே வேண்டாம். கை வராத மாணவர் வெளிக்கோட்டையே மூன்று முறை ரப்பரால் அழிப்பார். தாள் கறுத்து, கசங்கி, கடைசியில் பாகங்களை அவசரமாகக் குறிப்பார்.

## வழி 2: கட்டமும் அம்புக்குறியும்

நான்கு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் வலது ஆரிக்கிள், இடது ஆரிக்கிள். கீழ் வரிசையில் வலது வெண்ட்ரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள். இரண்டு பக்கமும் 'உடல்', 'நுரையீரல்' என்று இன்னும் இரண்டு கட்டம். அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வொரு அம்பின்மேலும் குழாயின் பெயரை எழுதிவிட்டால் இரட்டைச் சுற்றோட்டம் முழுவதும் வந்துவிடும். மூன்று நிமிட வேலை.

மறந்துபோனாலும் மீளக்கூடிய வழி இது. உடலிலிருந்து வந்த இரத்தம் வலது ஆரிக்கிளுக்குப் போகிறது என்ற ஒரு செய்தி தெரிந்தால் போதும், சங்கிலியாக மீதி வந்துவிடும். நிறம் சொன்னதையும் அம்பின்மேல் 'ஆக்சிஜன் குறைந்த', 'ஆக்சிஜன் மிகுந்த' என்று எழுதிச் சமாளிக்கலாம்.

ஆனால் இது பாதையின் படம், உறுப்பின் படமல்ல. சுவர் எவ்வளவு தடிமன், வால்வு எந்தப் பக்கம் திறக்கிறது, தடுப்புச் சுவர் எங்கே முடிகிறது என்பதற்கெல்லாம் கட்டத்தில் இடமில்லை. "உள்ளமைப்பைப் படம் வரைந்து குறி" என்ற கேள்விக்குக் கட்டத்தைப் போட்டால், படத்துக்கென ஒதுக்கிய மதிப்பெண் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

## வழி 3: ஆறு வரியும் எளிய படமும்

இங்கே வரிகள்தான் முதலில். படத்தை மனப்பாடம் செய்வதில்லை. ஆறு வரியை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு வரிக்கு ஒரு படி என்று படத்தைக் கட்டி எழுப்புகிறோம். வரி மறந்தால் படம் காட்டிக் கொடுக்கும், படத்தில் ஏதாவது விட்டுப்போனால் வரி காட்டிக் கொடுக்கும். விடைத்தாளில் எழுத வேண்டிய ஆறு வரிகள் இவை:

1. மனித இதயம் நான்கு அறைகள் கொண்டது. மேலே மெல்லிய சுவருடைய இரண்டு ஆரிக்கிள்கள், கீழே தடித்த சுவருடைய இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவரே எல்லாவற்றிலும் தடிமனானது.
2. வலது, இடது பக்கங்களைத் தடுப்புச் சுவர் பிரிப்பதால் ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தமும் கலப்பதில்லை.
3. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் நுரையீரல் பொதுத்தமனி இரண்டாகப் பிரிந்து, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரல்களுக்குக் கொண்டு செல்கிறது.
4. இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் பெருந்தமனி ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை உடல் முழுவதற்கும் கொண்டு செல்கிறது. இரண்டு தமனிகளின் தொடக்கத்திலும் அரைச்சந்திர வால்வுகள் உள்ளன.
5. வலது ஆரிக்கிளுக்கும் வலது வெண்ட்ரிக்கிளுக்கும் இடையே மூவிதழ் வால்வும், இடது பக்கத்தில் ஈரிதழ் வால்வும் உள்ளன. கார்டா டென்டினே எனும் நாண்கள் வால்வின் இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.
6. மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, கரோனரி சைனஸ் ஆகியவை வலது ஆரிக்கிளில் திறக்கின்றன. நான்கு நுரையீரல் சிரைகள் இடது ஆரிக்கிளில் திறக்கின்றன.

வழக்கமாகச் சொல்லிக் கொடுக்கும் வரிசையில் சிரைகள் முதலில் வரும், தமனிகள் கடைசியில் வரும். இங்கே தமனிகள் மூன்றாவது, நான்காவது வரிகளுக்கு ஏறியிருப்பது வரைவதற்காகத்தான். முன்னால் இருப்பதை முதலில் வரைந்துவிட்டால், பின்னால் இருப்பதன் கோடு அதன் ஓரத்தில் வந்து நின்றுவிடும், எதையும் அழிக்க வேண்டியதில்லை. இதயத்தின் பெரிய குழாய்களில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது நுரையீரல் பொதுத்தமனி.

இனி வரைவது. 10 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான இதயமே ஏறக்குறைய இந்த அளவுதான். கொஞ்சம் நீளம் கூட இருக்கும். ஆக, புத்தகத்தில் உள்ளதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கணக்குப் போட வேண்டாம். மேல் 3 செ.மீ. குழாய்களுக்கு, கீழ் 7 செ.மீ. இதயத்துக்கு.

படி 1, வெளிக்கோடும் சுவரும். சாய்த்து வைத்த மாங்காய் போல ஒரு வெளிக்கோடு போடுங்கள், கூர்முனை தாளின் கீழ் வலப்பக்கம் பார்க்கட்டும். எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பது போன்ற படம் இது; அதனால் தாளின் இடப்பக்கம்தான் இதயத்தின் வலப்பக்கம். இதை இப்போதே தாளின் ஓரத்தில் லேசாக 'வ', 'இ' என்று குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் அழித்துவிடலாம். பிறகு உள்கோடு. வலது வெண்ட்ரிக்கிள் பக்கம் வெளிக்கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே, இடது வெண்ட்ரிக்கிள் பக்கம் 9 மி.மீ. உள்ளே. மூன்று மடங்கு என்று நினைவில் வைத்தால் போதும். உண்மையான இதயத்திலும் விகிதம் ஏறக்குறைய அதுதான். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும். "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக உள்ளது?" என்று தனியாகக் கேட்டாலும் இந்த 3, 9 நினைவு உதவும்.

படி 2, தடுப்புச் சுவர். வெண்ட்ரிக்கிள்களுக்கு நடுவே கீழிருந்து மேலாகத் தடித்த ஒரு பட்டை. இது கூர்முனையில் போய் முடியக் கூடாது, முனைக்குச் சற்று இடப்பக்கமாகத் தாளில் முடிய வேண்டும். இதயத்தின் கூர்முனை இடது வெண்ட்ரிக்கிளுக்குச் சொந்தம். நடுவில் நேர்கோடாக இறக்கி இரண்டு அறைகளையும் சமமாகப் பங்கு போட்ட படம் நிறைய வருகிறது.

படி 3, நுரையீரல் பொதுத்தமனி. வலது வெண்ட்ரிக்கிளின் மேல் மூலையில், தடுப்புச் சுவரை ஒட்டி, 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள். மேலே போய்த் தாளின் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து, இதயத்தின் மேல்விளிம்பைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியட்டும். அடியில் இரண்டு சிறு கிண்ணங்கள், வாய் மேல்நோக்கி. அதுதான் அரைச்சந்திர வால்வு.

படி 4, பெருந்தமனி. படத்தில் கடினமான இடம் இது ஒன்றுதான். பெருந்தமனி இடது வெண்ட்ரிக்கிளில், அதாவது தாளின் வலப்பக்கத்தில் தொடங்குகிறது. ஆனால் மேலே போகும்போது நுரையீரல் பொதுத்தமனிக்குப் பின்னால் புகுந்து தாளின் இடப்பக்கமாக வெளிவருகிறது. அங்கிருந்து உயர்ந்து, வளைந்து, பொதுத்தமனி பிரியும் இடத்துக்கு மேலாக மறுபடியும் வலப்பக்கம் திரும்புகிறது. ஆகவே, இடது வெண்ட்ரிக்கிளின் மேல் மூலையில் இரண்டு கோடுகளைத் தொடங்குங்கள். பொதுத்தமனியின் ஓரத்தில் முட்டியதும் நிறுத்துங்கள். மறு ஓரத்திலிருந்து தொடருங்கள். வளைவின் மேல் மூன்று சிறு கிளைகள், அடியில் வால்வு. பின்னால் போவதைக் காட்டாமல் நேரே மேலே ஏற்றினால் இரண்டு தமனிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது போல ஆகிவிடும்.

படி 5, ஆரிக்கிளும் வால்வும். வெளிக்கோட்டின் மேலிருந்து ஏறக்குறைய 2.5 செ.மீ. கீழே, இரண்டு பக்கமும் குறுக்கே ஒரு தடுப்பு. பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் 1.5 செ.மீ. திறப்பு விடுங்கள். திறப்பின் ஓரங்களிலிருந்து வெண்ட்ரிக்கிளுக்குள் கீழ்நோக்கி இதழ்கள். இதழின் நுனியிலிருந்து சுவர் வரை இரண்டு மெல்லிய கோடுகள், அவைதான் கார்டா டென்டினே. மூவிதழ் வால்வுக்கு மூன்று இதழும் தெரிய வேண்டும் என்று சிலர் திணறுவார்கள். நெடுக்கே வெட்டிய படத்தில் எல்லா இதழும் தெரிய வேண்டும் என்பதில்லை, பெயர் சரியாகக் குறித்தால் போதும். ஆரிக்கிள்களுக்கு இடையே உள்ள சுவர் தமனிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்திருக்கும், தெரியும் துண்டை மட்டும் போடுங்கள்.

படி 6, சிரைகள். தாளின் இடப்பக்கம் வலது ஆரிக்கிளுக்கு மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய். வலப்பக்கம் இடது ஆரிக்கிளுக்குள் இரண்டு சிறு குழாய்கள். மற்ற இரண்டு நுரையீரல் சிரைகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பின்புறமாக வருகின்றன. எளிய படத்தில் அவற்றை விட்டுவிடலாம், ஆறாவது வரியில் 'நான்கு' என்று எழுதியிருக்கிறோம். கரோனரி சைனஸும் அப்படித்தான், வரியில் இருந்தால் போதும்.

பாகங்களைக் குறிக்க ஸ்கேல் வைத்துக் கிடைக்கோடுகள் இழுத்து, எல்லாப் பெயரையும் படத்துக்கு வெளியே எழுதுங்கள். கோடு பாகத்தைத் தொட வேண்டும், பக்கத்தில் நின்றுவிடக் கூடாது. ஒன்றை ஒன்று வெட்டவும் கூடாது. தாளின் இடப்பக்கம் மேற்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், கீழ்ப்பெருஞ்சிரை. வலப்பக்கம் பெருந்தமனி, நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், தடுப்புச் சுவர். அரைச்சந்திர வால்வைக் கோடு குறுக்கே போகாத பக்கம் பார்த்துக் குறிக்கலாம்.

படம் சரியா என்று பார்க்க ஒரே சோதனை. பென்சில் முனையை மேற்பெருஞ்சிரைக்குள் வையுங்கள். எந்தக் கோட்டையும் தாண்டாமல் வலது ஆரிக்கிள், வால்வுத் திறப்பு, வலது வெண்ட்ரிக்கிள், பொதுத்தமனி என்று நுரையீரல் பக்கம் வெளியே வர வேண்டும். பிறகு நுரையீரல் சிரையில் நுழைந்து பெருந்தமனி வழியாக வெளியேற வேண்டும். பொதுத்தமனிக்குப் பின்னால் மறையும் இடத்தை மட்டும் தாண்டலாம். எங்காவது மோதினால் அங்கேதான் தப்பு. இடம் வலம் மாறியதா என்று பார்க்க இதைவிடவும் எளிது: தடித்த சுவரும் பெருஞ்சிரைகளும் ஒரே பக்கம் இருந்தால் மாறிவிட்டது.

இந்த வழிக்கும் மறைந்த செலவு உண்டு. தொடக்கத்தில் மெதுவாகத்தான் வரும். வரி ஆறும் சரளமாகும் வரை புத்தகத்தைப் பார்த்து வரைவதைவிட நேரம் பிடிக்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் இதைத் தொடங்கிப் பயனில்லை. பழகிவிட்டால் படத்துக்கு ஆறேழு நிமிடம், வரிகளுக்கு நான்கைந்து நிமிடம் போதும். இன்னொரு குறை, படம் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். 'அழகாக இல்லை' என்று வீட்டில் சொல்வார்கள். நிழலுக்கென்று தனி மதிப்பெண் கொடுக்கும் விடைக்குறிப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

## வழி 4: எழுத்து மட்டும்

படம் கேட்காத கேள்விக்கு இதுவே சரி, அவ்வளவுதான். விரிவான விடைப் பகுதியில் 'தேவையான இடங்களில் படம் வரைக' என்று வினாத்தாளே சொல்கிறது. இதயத்தின் அமைப்பைப் பற்றிய 7 மதிப்பெண் பதிலில் படம் தேவையில்லை என்று வாதாடுவது கஷ்டம்.

## ஒரே பார்வையில்

| | புத்தகப் படம் | கட்டமும் அம்பும் | ஆறு வரி + எளிய படம் | எழுத்து மட்டும் |
|---|---|---|---|---|
| நேரம் | அதிகம். கை வராதவருக்குக் கால் மணி நேரம் | மூன்று, நான்கு நிமிடம் | பழகியபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வரிகளும் சேர்த்து | ஐந்து நிமிடம் |
| பொருந்தும் கேள்வி | படம் வரைந்து குறி | பாதை, இரட்டைச் சுற்றோட்டம் | படத்துடன் விவரி. படம் வரைந்து குறி | காரணம் கூறு, வேறுபடுத்து |
| பாதியில் மறந்தால் | படம் நின்றுவிடும் | சங்கிலியாக மீட்கலாம் | வரியை வைத்து மீட்கலாம் | எழுதியவரை மிஞ்சும் |
| வழக்கமான தவறு | தமனி தவறான அறையிலிருந்து கிளம்பும் | வால்வும் சுவரும் விடுபடும் | தமனிகள் குறுக்கிடும் இடம் குழம்பும் | படத்துக்கான மதிப்பெண் போகும் |

## எந்தக் கேள்விக்கு எது

"மனித இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விவரி" என்று 7 மதிப்பெண்ணுக்கு வந்தால் மூன்றாவது வழிதான். பதினேழு நிமிடத்தில் ஆறு வரியும் படமும் முடிந்து, இரத்தம் போகும் பாதையை விளக்க நாலைந்து நிமிடம் மிச்சமாகும். வரிகளை முதலில் எழுதிவிட்டு அதைப் பார்த்தே வரையுங்கள்.

"படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று 4 மதிப்பெண்ணுக்கு வந்தால் அதே எளிய படம், வரிகள் வேண்டாம். மனதுக்குள் ஓடட்டும். இங்கே நன்றாக வரையத் தெரிந்த மாணவர் முதல் வழியில் போனாலும் நான் தடுக்க மாட்டேன், பென்சில் முனைச் சோதனையை மட்டும் செய்யச் சொல்வேன்.

"இரட்டைச் சுற்றோட்டம் என்றால் என்ன? பாதையை விளக்கு" என்றால் கட்டம்தான். இதயத்தை முழுதாக வரைந்து உட்கார்ந்தால், கேட்ட பாதை ஒரு ஓரத்தில் அம்புக்குறியாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது வழி எல்லாப் படத்துக்கும் செல்லாது. அதே வகுப்பில் வரும் தாவரச் சூலின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வளைவுகள், ஒரு காம்பு, உள்ளே கருப்பை. அங்கே எதுவும் எதற்கும் பின்னால் ஒளியவில்லை, நிறத்தில் தகவலும் இல்லை. அதைப் புத்தகத்தில் இருப்பது போலவே வரைவது சீக்கிரம். கருப்பைக்குள் சூல்துளைப் பக்கம் அண்டமும் இரண்டு சினர்ஜிட்களும், நடுவில் இரண்டு துருவ உட்கருக்களும், எதிர்முனையில் மூன்று ஆன்டிபோடல் செல்களும் என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு ஆறு வரி எழுதப் போனால் படத்தைவிட வரி கடினமாகிவிடும்.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலுக்குப் போகும்போது இதே இதயம் மீண்டும் வரும். சைனோ ஆரிக்குலார் கணு முதல் பர்கின்ஜி இழைகள் வரை மின்தூண்டல் போகும் பாதையையும் அங்கே காட்ட வேண்டியிருக்கும். எளிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஏழாவது வரி ஒன்று சேர்த்தால் போதும், கணு எங்கே உட்காரும் என்று தேட வேண்டியிருக்காது. மேற்பெருஞ்சிரை வலது ஆரிக்கிளில் திறக்கும் இடத்துக்கு அருகில்தான் அது இருக்கிறது, அந்த இடம் ஆறாவது படியில் ஏற்கெனவே வரைந்தது.

கடைசியாக, மணி அடிக்க ஐந்தே நிமிடம் இருக்கும்போது இந்தக் கேள்வி பாக்கி என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வெளிக்கோடு, தடுப்புச் சுவர், இரண்டு தமனிகள், குறுக்குத் தடுப்பு, சிரைகள். உள்சுவர்க் கோடு வேண்டாம், வால்வு இதழுக்குப் பதில் திறப்பு மட்டும். மூன்று நிமிடத்தில் இது முடிந்துவிடும். மீதி இரண்டு நிமிடத்தில் நான்கு அறைகளையும் நான்கு பெரிய குழாய்களையும் குறித்துவிட்டு, நேரமிருந்தால் மூன்றாவது, நான்காவது வரிகளை மட்டும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். பென்சில் சொல்லாமல் விட்ட நீலமும் சிவப்பும் அந்த இரண்டு வரியில் இருக்கின்றன.